தலவாக்கலையில் பழைய கொட்டகைக் கூரைக்குச் சோலார்: இரண்டு பக்கக் கட்டமைப்பு அறிக்கை போதுமா?

பொதியிடல் முகாமையாளர், தலவாக்கலை

அனைவருக்கும் வணக்கம். நான் பொறுப்பில் இருக்கும் தேயிலைப் பொதியிடல் கொட்டகையின் கூரையில் சோலார் பேனல்கள் பொருத்துவதற்கு முதலாளி முடிவு செய்திருக்கிறார். 550 வாற்று பேனல்கள் 180, மொத்தம் 99 கிலோவாற்று என்பது திட்டம். கொட்டகை 18 மீற்றர் அகலமும் 36 மீற்றர் நீளமும் கொண்டது. கூரை இரு பக்கமும் ஏறக்குறைய 10 பாகை சரிந்திருக்கிறது. எல் அயனால் செய்த கூரைச் சட்டங்களான ட்ரஸ்கள் 4.5 மீற்றருக்கு ஒன்றாக நிற்கின்றன, அவற்றின்மேல் ஒரு ட்ரஸ்ஸிலிருந்து அடுத்ததற்கு ஓடும் சி வடிவ இரும்புகளான பேர்லின்கள், அதன்மேல் தகடு. கட்டி இருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது, கட்டிய காலத்து வரைபடம் எதுவும் எங்களிடம் இல்லை.

கடன் தரும் வங்கி, கூரையின் கட்டமைப்பை ஒரு பொறியியலாளர் சோதித்துத் தந்த அறிக்கையைக் கேட்டது. பேனல் பொருத்தும் நிறுவனமே ஒருவரை ஏற்பாடு செய்து, இரண்டு பக்க அறிக்கை ஒன்றைத் தந்திருக்கிறது. அதன் சாரம் இதுதான்: பேனலும் சட்டமும் சேர்ந்து சதுர மீற்றருக்கு 15 கிலோகிராம் மட்டுமே வரும், பேர்லின் 2 மில்லிமீற்றர் தடிப்புள்ளது, ஆகவே கூரை அந்தப் பாரத்தைத் தாங்கும். காற்றைப் பற்றி ஒரே ஒரு வரி உண்டு: "இவ்விடம் மூன்றாம் காற்று வலயத்தில் இருப்பதால் காற்றுச் சுமை தீர்மானகரமானதல்ல."

எங்கள் கொட்டகை ஒரு மேட்டின் விளிம்பில் இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கினால் தகடுகள் இரவு முழுவதும் அடித்துக்கொண்டிருக்கும். அதனால் அந்த வரி எனக்கு உறுத்தலாக இருக்கிறது. இந்த அறிக்கையை நம்பி வேலையைத் தொடங்கலாமா?

பதுளை சோலார்

முகாமையாளர் ஐயா, நான் பல ஆண்டுகளாகக் கூரைச் சோலார் பொருத்தும் தொழிலில் இருக்கிறேன். நீங்கள் தேவையில்லாமல் பயப்படுகிறீர்கள் என்று நினைக்கிறேன். ஒரு பேனல் 28 கிலோகிராம் அளவில் இருக்கும், அதன் பரப்பு இரண்டரைச் சதுர மீற்றருக்கு மேல். அலுமினியச் சட்டத்தையும் கிளாம்ப்களையும் சேர்த்தாலும் 15 கிலோவைத் தாண்டாது. கூரையை வடிவமைக்கும்போது, ஆட்கள் ஏறிப் பழுதுபார்ப்பதற்கென்று சதுர மீற்றருக்கு 25 கிலோ அளவில் ஏற்கனவே ஒதுக்கியிருப்பார்கள். பேனல் இருக்கும் இடத்தில் ஆள் நிற்கப்போவதில்லை.

அதோடு, பேனல்களைக் கூரையின் சரிவோடு ஒட்டியே பொருத்துவோம். நமது நாடு நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் 10 பாகைச் சரிவே போதும், தனியாக நிமிர்த்தி வைக்க வேண்டியதில்லை. அப்படி ஒட்டி வைக்கும்போது காற்று பேனலுக்கு மேலும் கீழும் ஏறக்குறைய சமமாக இருக்கும். எனவே பேனல் வந்ததால் காற்று விசை கூடுவதில்லை. அறிக்கையில் தவறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

பண்டாரவளை வாசகர்

எங்கள் வீட்டுக்கும் இதே சிக்கல் வந்தது. மலைநாட்டில் எந்தக் கட்டட வேலைக்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அனுமதி வேண்டும் என்று சொன்னார்கள். முதலில் அதைப் பெற்றுக்கொள்ளுங்கள். எங்கள் கூரை அஸ்பெஸ்டாஸ் ஓடு, அதில் துளையிட்டபோது இரண்டு ஓடுகள் விரிசல் விட்டு இன்றும் ஒழுகுகின்றன. உங்களுடையது தகடா, அஸ்பெஸ்டாஸா?

பொதியிடல் முகாமையாளர், தலவாக்கலை

தகடுதான், நண்பரே. மண்சரிவு அனுமதி நிலத்தைப் பற்றியது. நான் கேட்பது கூரையின் இரும்பைப் பற்றி.

கண்டிக் கட்டமைப்பு

பதுளை நண்பர் சொன்னதில் பாதி சரி, அந்தப் பாதியை நான் மறுக்கப்போவதில்லை. கீழ்நோக்கிய பாரத்தைப் பொறுத்தவரை, ஒழுங்காகக் கட்டிய தகட்டுக் கூரை 15 கிலோவுக்காக விழுந்துவிடுவது அரிது. ஒட்டி வைத்த பேனல் காற்றைப் பெரிதாகக் கூட்டுவதில்லை என்பதும் உண்மை. அதன் எடை, கூரையை மேலே தூக்கும் விசைக்கு எதிராகச் சிறிது உதவக்கூடச் செய்கிறது.

ஆனால் இவ்வளவு இலேசான கூரையில் இரும்பின் அளவைத் தீர்மானிப்பது கீழ்நோக்கிய பாரம் அன்று, மேல்நோக்கிய உறிஞ்சல். தகடும் பேர்லினும் சேர்ந்து சதுர மீற்றருக்குப் பத்துக் கிலோதான் இருக்கும். காற்று தூக்குவது அதைப் போலப் பல மடங்கு. ஆகவே ஓர் அறிக்கை "15 கிலோவைத் தாங்கும்" என்று மட்டும் சொல்லுமானால், கேட்கவேண்டிய கேள்வியை அது தொடவே இல்லை.

காற்று வலயம் பற்றிய வரிக்கு வருகிறேன். 1978 இல் கிழக்குக் கரையைத் தாக்கிய சூறாவளிக்குப் பிறகு, 1980 இல், பலத்த காற்றுக்கான கட்டட வடிவமைப்புக் கைநூல் வந்தது. நாட்டை மூன்று வலயங்களாகப் பிரித்தது அதுதான். சாதாரணக் கட்டடங்களுக்கு முதலாம் வலயத்தில் செக்கனுக்கு 49 மீற்றர், இரண்டாவதில் 43, மூன்றாவதில் 33 என்று வேகங்கள் தரப்பட்டன. அந்தப் பிரிவின் அடிப்படை கடலிலிருந்து வரும் சூறாவளி. உங்கள் மேட்டின் விளிம்பில் காற்று எப்படி ஏறி வேகம் கொள்கிறது என்பது வலயத்தில் அடங்கவில்லை, அதற்கு நிலத்தோற்றக் காரணி என்று தனியாக ஒன்று இருக்கிறது. மூன்றாம் வலயம் என்றால் குறைந்த வேகம் என்றுதான் பொருள், காற்றைக் கணக்கிட வேண்டாம் என்று பொருளன்று.

கணக்கிடுவதற்குச் சில விபரங்கள் வேண்டும். பேர்லினின் உயரம், அவற்றின் இடைவெளி, வண்ணப்பூச்சைச் சுரண்டிவிட்டு அளந்த உண்மையான தடிப்பு, பேர்லினை ட்ரஸ்ஸோடு எப்படிப் பிணைத்திருக்கிறார்கள், கொட்டகையின் பெரிய கதவு எந்தத் திசையில் இருக்கிறது, அது காற்று நேரத்தில் மூடியிருக்குமா. வேர்னியர் அளவி ஒன்று இருந்தால், வெட்டப்பட்ட பேர்லின் முனைகளில் தடிப்பை நீங்களே பார்க்கலாம். நடுப்பகுதிகளுக்கு மீயொலித் தடிப்பு அளவி வேண்டும். இந்த அளவுகள் எதுவும் அந்த அறிக்கையில் இல்லை என்று நினைக்கிறேன்.

தேயிலை டீமேக்கர், நானுஓயா

தடிப்பு அளக்கும்போது எங்கே அளப்பது என்பதும் முக்கியம். எங்கள் தொழிற்சாலையில் கூரைக்கு வெளியே நின்று பார்த்தால் எல்லாம் நன்றாகவே இருந்தது. ஆனால் காலைப் பனியில் தகட்டின் உட்புறம் வியர்த்து, நீர் பேர்லின் வழியாக இறங்கி, சி வடிவின் கீழ் விளிம்புக்குள் தேங்கும். அங்கே தேயிலைத் தூசியும் சேர்ந்தால் ஈரம் காய்வதே இல்லை. துரு உள்ளிருந்து வெளியே வரும், கீழேயிருந்து பார்ப்பவருக்குப் பூச்சு மட்டும்தான் தெரியும். வெளிச்சத்துக்காகப் போட்ட ஒளிபுகும் தகடுகளின் ஓரங்களிலும், பீலிக்கு அருகே உள்ள கடைசிப் பேர்லினிலும் முதலில் பாருங்கள். விரலை உள்ளே விட்டுத் தடவினாலே தெரிந்துவிடும்.

பதுளை சோலார்

இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தென்மேற்குக் காற்றில் நின்ற கொட்டகை அது. இப்போது கணக்குப் போட்டு, அது நிற்கக் கூடாது என்று சொல்லப்போகிறீர்களா? நின்றதே ஒரு சோதனைதானே.

கண்டிக் கட்டமைப்பு

நின்றது ஒரு சான்று என்பதை ஏற்கிறேன், ஆனால் எதற்குச் சான்று என்று பார்க்க வேண்டும். இதுவரை வந்த காற்றுக்கு, அப்போதிருந்த தடிப்போடு, கதவு இருந்த நிலையில், அது நின்றிருக்கிறது. வடிவமைப்புக் காற்று என்பது சராசரியாக 50 ஆண்டுகளுக்கு ஒருமுறை எதிர்பார்க்கப்படும் வீச்சு. அந்த வீச்சை இந்தக் கொட்டகை சந்தித்ததா என்று எவருக்கும் தெரியாது. துருவோ ஒவ்வோர் ஆண்டும் ஒரு திசையில் மட்டும்தான் போகிறது.

இன்னொன்றும் உண்டு. முன்பு ஒரு தகடு பறந்தால் தகடு மட்டும் போகும், ஐம்பது ரூபாய் திருகாணி கழன்றதோடு விசை விடுபட்டுவிடும். பேனலின் கால்கள் பேர்லினில் நேராகப் பிடிக்கப்பட்ட பிறகு, அந்த விசைக்கு வெளியேற வழியில்லை. அது பேர்லினுக்கும் அதன் பிணைப்புக்கும் போய்ச் சேரும்.

பொதியிடல் முகாமையாளர், தலவாக்கலை

நண்பர்கள் சொன்னபடி ஏணி வைத்து, பயிற்சியுள்ள ஓர் ஆளோடு பார்த்தோம். தடிப்பளவியைப் பட்டறை ஒன்றிலிருந்து இரவலாகப் பெற்றோம்.

பேர்லின் 100 மில்லிமீற்றர் உயரம், 50 மில்லிமீற்றர் அகலம், இடைவெளி 1.2 மீற்றர். அறிக்கை 2 மில்லிமீற்றர் என்று சொன்ன தடிப்பு, பெரும்பாலான இடங்களில் 1.6 தான் வருகிறது. துருவே இல்லாத, பூச்சு பளபளக்கும் இடத்திலும் 1.6 தான், ஆகவே முதலிலிருந்தே அப்படித்தான் வாங்கியிருக்கிறார்கள். டீமேக்கர் ஐயா சொன்ன பீலியோரப் பேர்லினில் 1.3 வரை இறங்கியிருக்கிறது.

பேர்லின் ட்ரஸ்ஸின் ஒவ்வொரு கணுவிலும் ஒரு சிறிய எல் துண்டின்மேல் உட்கார்ந்திருக்கிறது. துண்டில் இரண்டு துளைகள் உள்ளன, ஆனால் பல இடங்களில் ஒரே ஒரு 12 மில்லிமீற்றர் போல்ட். வடக்குப் பக்கத்தில் சில இடங்களில் போல்ட்டே இல்லை, பொட்டு வெல்டிங் மட்டும். பெரிய உருளைக் கதவு தென்மேற்கைப் பார்த்தபடி 4 மீற்றர் அகலத்தில் இருக்கிறது. லொறி வரும் நேரத்தில் அது திறந்தே கிடக்கும்.

கண்டிக் கட்டமைப்பு

மிகவும் பயனுள்ள விபரங்கள். இவற்றை வைத்து ஒரு பேர்லினுக்கான கணக்கை மட்டும் முழுமையாகச் செய்து காட்டுகிறேன். அந்தக் கைநூலோடு சேர்த்துப் பயன்படுத்தப்படும் பழைய பிரித்தானியக் காற்று விதியையே பின்பற்றுகிறேன், ஏனெனில் உங்கள் கொட்டகையும் அந்தக் காலத்து முறையில்தான் கட்டப்பட்டிருக்கும்.

அடிப்படை வேகம் 33. மேட்டின் விளிம்பு என்பதால் அந்த விதி அனுமதிக்கும் உயர்ந்த நிலத்தோற்றக் காரணியான 1.1 ஐ எடுக்கிறேன். சுற்றிலும் தேயிலைச் செடி மட்டுமே என்று எண்ணித் திறந்த நிலமாகவும், கூரையின் உயரத்தை ஏழு மீற்றராகவும் கொண்டால், உயரத்துக்கான காரணி 0.93. பெருக்கினால் வடிவமைப்பு வேகம் செக்கனுக்கு ஏறக்குறைய 33.8 மீற்றர்.

q = 0.613 V²

இதன்படி காற்றின் அமுக்கம் சதுர மீற்றருக்கு 0.70 கிலோநியூற்றன். 10 பாகைக் கூரையின் காற்று வரும் பக்கத்துக்கு வெளிப்புற உறிஞ்சல் 1.2 மடங்கு. கதவு மூடியிருந்தால், உள்ளேயிருந்து தள்ளுவது இன்னொரு 0.2 மடங்கு. ஆக மொத்தத் தூக்கு விசை சதுர மீற்றருக்கு 0.98 கிலோநியூற்றன், அதாவது நூறு கிலோ எடைக்கு நிகர். அதைப் பிடித்து வைத்திருக்கும் தகட்டினதும் பேர்லினினதும் எடை பத்துக் கிலோ.

இப்போது 4.5 மீற்றர் நீளப் பேர்லினில் ஏற்படும் வளைவுத் திருப்பத்தை, அதாவது பாரம் அதை எவ்வளவு வளைக்க முயல்கிறது என்பதைப் பார்ப்போம். பாதுகாப்புக் காரணிகளைச் சேர்த்த பிறகு, பேனலோடும் பழுதுபார்ப்புச் சுமையோடும் கீழ்நோக்கி வருவது 2.3 கிலோநியூற்றன் மீற்றர். 1.6 மில்லிமீற்றர் பேர்லினின் வலிமையை, சாதாரண உருக்கு என்று கொண்டால், அதிகபட்சம் 2.9 என்று மதிப்பிடலாம். இங்கே பதுளை நண்பர் வெற்றி பெறுகிறார், கூரை தாங்குகிறது.

மேல்நோக்கிப் பார்த்தால், பேனல் இல்லாத இன்றைய நிலையில் 3.9 வருகிறது. பேனல் வந்த பிறகு, அதன் எடை உதவுவதால், 3.4 ஆகக் குறைகிறது. இரண்டுமே 2.9 ஐ விட அதிகம். அந்த 2.9 உம் தாராளமான கணக்கு. கீழ்நோக்கிய பாரத்தில் அமுக்கப்படும் மேல் விளிம்பைத் தகடு பக்கவாட்டில் பிடித்துக்கொள்கிறது. தூக்கும்போது அமுக்கப்படுவது கீழ் விளிம்பு, அதைப் பிடிக்க எதுவும் இல்லை. எனவே அது முறுக்கிக்கொண்டு பக்கவாட்டில் விலகும், உண்மையான வலிமை 2.9 ஐ எட்டாது.

ஆகவே நேர்மையான அறிக்கை ஒன்று சொல்லவேண்டியது சற்று விசித்திரமானது: உங்கள் கூரை பேனலால் பலவீனமாகவில்லை, பேனல் இல்லாமலேயே அது தேவையான அளவுக்குக் குறைவாக இருக்கிறது. லொறிக் கதவு திறந்திருக்கும்போது காற்று வீசினால் உட்புறத் தள்ளல் கூடி, 0.98 என்பது 1.19 ஆகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பேராதனை இளையவர்

ஐயாவின் கணக்கில் ஓர் இடத்தில் நான் மாறுபடுகிறேன். நிலத்தோற்றக் காரணியை அந்தப் பழைய விதி 1.1 உடன் நிறுத்திவிடுகிறது. செங்குத்தான மேட்டின் உச்சியில் காற்றின் வேகம் அதைவிட மிக அதிகமாகக் கூடலாம் என்று பிற்கால ஐரோப்பிய, அவுஸ்திரேலிய விதிகள் காட்டுகின்றன. வேகத்தில் 1.3 என்று எடுத்தால், அமுக்கம் வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவதால், தூக்கு விசை 40 சதவீதம் அதிகரிக்கும். மலைநாட்டின் கொட்டகைகளுக்கு 1.1 போதும் என்று எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கண்டிக் கட்டமைப்பு

உங்கள் எதிர்வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் 1.3 என்பதை மேட்டின் உயரமும் சரிவும் தெரியாமல் எடுக்க முடியாது. உச்சியிலிருந்து சில பத்து மீற்றர் விலகினாலே அது விரைவாகக் குறைந்துவிடும். அளவைப் படம் ஒன்றைப் பார்க்காமல் நான் 1.1 க்கு மேல் எழுதமாட்டேன். நீங்கள் அதைக் குறைவு என்று நினைப்பதையும் தவறு என்று சொல்லமாட்டேன். திருத்தத்தை இரண்டு எண்ணுக்கும் தாங்கும்படி செய்ய முடிந்தால் இந்த விவாதமே தேவைப்படாது.

ஹட்டன் வெல்டிங் பாஸ்

கணக்கு எனக்கு விளங்காது, வேலையைப் பற்றிச் சொல்கிறேன். இரண்டு பேர்லினுக்கு நடுவே புதிதாக ஒரு பேர்லினைப் போட்டுவிட்டால் இடைவெளி 60 சென்ரிமீற்றர் ஆகிவிடும், ஒவ்வொன்றுக்கும் பாரம் பாதியாகிவிடும். தகட்டைக் கழற்றவும் தேவையில்லை, கீழேயிருந்தே ஏற்றி வெல்ட் அடித்துவிடலாம்.

கண்டிக் கட்டமைப்பு

பாஸ், பாரம் பாதியாகும் என்பது சரிதான். ஆனால் இப்போதுள்ள பேர்லின்கள் ட்ரஸ்ஸின் கணுக்களில், அதாவது கம்பிகள் கூடும் இடங்களில், உட்கார்ந்திருக்கின்றன. நடுவே போடும் பேர்லின் இரு கணுக்களுக்கு இடையே ட்ரஸ்ஸின் மேற்கம்பியை வளைக்கும். அந்த மேற்கம்பி இழுப்பையும் அமுக்கத்தையும் மட்டும் தாங்குவதற்காகச் செய்யப்பட்ட எல் அயன். பேர்லினைக் காப்பாற்றப் போய் ட்ரஸ்ஸைக் கெடுத்துக்கொள்வோம்.

நான் பரிந்துரைப்பது வேறு. இருக்கும் பேர்லினின் முதுகோடு முதுகாக, அதே 100 மில்லிமீற்றர் உயரத்தில், 2 மில்லிமீற்றர் தடிப்புள்ள புதிய சி பேர்லினைச் சேர்த்து, 60 சென்ரிமீற்றருக்கு ஒரு போல்ட்டாக இறுக்குவது. பாரம் பழையபடி கணுவிலேயே இறங்கும். இரண்டும் சேர்ந்தால் வலிமை 6.5 ஐ நெருங்கும். இரு பக்கமும் சமச்சீராக இருப்பதால் முறுக்கிக்கொள்ளும் இயல்பும் வெகுவாகக் குறையும். என்றாலும் நடுவில் ஒரு வரிசை குறுக்குப் பிடிப்பு வேண்டும்.

இளையவரின் 1.3 ஐ எடுத்தாலும், பேனலோடு வரும் தூக்குத் திருப்பம் 5.1 தான். 1.3 உம் திறந்த கதவும் ஒன்றாக வந்தால் மட்டும் 6.3 ஆகி எல்லையைத் தொடுகிறது. எனவே பலத்த காற்று எச்சரிக்கையின்போது கதவை மூடுவதை அறிக்கையில் ஒரு நிபந்தனையாகவே எழுதுவேன்.

வெல்டிங் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. பொதியிடல் கொட்டகையில் உத்தரங்களின்மேல் படிந்திருக்கும் தேயிலைத் தூசி தீப்பொறியில் பற்றிக்கொள்ளும்.

ஹட்டன் வெல்டிங் பாஸ்

தூசி விடயம் உண்மைதான் ஐயா, நாங்களும் ஈரச் சாக்கைக் கட்டிவிட்டுத்தான் அடிப்போம். முகாமையாளர் சொன்ன பொட்டு வெல்டிங்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. துத்தநாகப் பூச்சைச் சுரண்டாமல் அடித்த வெல்டிங் உள்ளே நுரைத்துப்போய்ப் பொத்தலாக இருக்கும், சுற்றிலும் பூச்சு எரிந்து அங்கிருந்தே துரு தொடங்கும். சிறிய சுத்தியலால் பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டுங்கள். நல்லதென்றால் மணிபோல் ஒலிக்கும், கெட்டதென்றால் அங்கேயே பிளந்துவிடும்.

கண்டிக் கட்டமைப்பு

அனுபவம் பேசுகிறது. எண்ணில் சொன்னால், பேனல் வந்த பிறகும் ஒவ்வொரு பிணைப்பிலும் ஏறக்குறைய 6 கிலோநியூற்றன் தூக்கு விசை வரும். நல்ல நிலையிலுள்ள ஒரே ஒரு 12 மில்லிமீற்றர் போல்ட் அதைப் போல இரண்டு மடங்கு தாங்கும். ஆகவே ஒற்றை போல்ட் உள்ள இடங்கள் என்னை அச்சுறுத்தவில்லை, இரண்டாவது துளையிலும் ஒன்றைப் போட்டுவிட்டால் போதும். பொட்டு வெல்டிங் உள்ள இடங்களில் மட்டும் ஒன்றையும் நம்பாமல், துளையிட்டு போல்ட் போடுங்கள்.

பதுளை சோலார்

பேனலின் கால்களைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. சிலர் செலவைக் குறைக்க, நீண்ட சட்டத்துக்குப் பதிலாகக் குட்டைச் சட்டங்களைத் தகட்டில் மட்டும் திருகிவிடுகிறார்கள். நான் அப்படிச் செய்வதில்லை, என் கால்கள் எப்போதும் பேர்லினுக்குள்தான் போகும்.

கண்டிக் கட்டமைப்பு

அது மிகவும் சரியான பழக்கம். ஒரு காலுக்கு ஒன்றரைச் சதுர மீற்றருக்கு மேற்பட்ட பேனல் பரப்பு வருவதால், ஒன்றரைக் கிலோநியூற்றனுக்கு மேல் இழுப்பு இருக்கும். திருகாணி பிடுங்கிக்கொண்டு வருவது அது பிடித்திருக்கும் இரும்பின் தடிப்பைப் பொறுத்தது. 1.6 மில்லிமீற்றர் பேர்லினில் இருக்கும் பிடி அரை மில்லிமீற்றர்கூட இல்லாத தகட்டில் கிடைக்காது. காற்றின் ஆட்டத்தில் அந்தத் துளை அகன்று, முதலில் ஒழுகும், பிறகுதான் பிடுங்கும். எனவே பேனல் காலடியில் புதிய ஒழுக்கு தெரிந்தால், நீர்காப்புப் பசை பூசிவிட்டுப் போகாமல் பிடியைச் சோதிக்க வேண்டும்.

ஓரங்களையும் கவனியுங்கள். கூரையின் விளிம்பிலிருந்து, உங்கள் கொட்டகைக்கு, 2.7 மீற்றர் அகலப் பட்டியில் உறிஞ்சல் உட்பகுதியைவிட மிக அதிகம். 180 பேனல் என்றால் ஒரு சரிவில் 30 வரிசைப்படி மூன்று அடுக்கு, அதாவது இரு முனைகளிலும் ஏறக்குறைய விளிம்பு வரை போகிறது.

பொதியிடல் முகாமையாளர், தலவாக்கலை

அப்படியானால் இரு முனைகளிலும் இரண்டிரண்டு வரிசையை விட்டுவிட்டு 26 வரிசையாக்கினால், மொத்தம் 156 பேனல், 85.8 கிலோவாற்று வருகிறது. முதலாளியிடம் இதைச் சொல்ல முடியும். பீலிப் பக்க அடுக்கையும் எடுத்துவிடச் சொன்னால் அவர் திட்டத்தையே கைவிட்டுவிடுவார்.

கண்டிக் கட்டமைப்பு

பீலிப் பக்க அடுக்கை வைத்துக்கொள்ளலாம், ஆனால் அங்கே கால்களின் இடைவெளியைப் பாதியாக்கி, 1.3 ஆக இறங்கிய அந்தக் கடைசிப் பேர்லினைச் சேர்த்துக் கட்டாமல் முழுதாக மாற்ற வேண்டும். பேனல் போட்ட பிறகு அதை மாற்றுவதற்கு உங்களுக்கு இரட்டிப்புச் செலவாகும்.

பதுளை சோலார்

ஒரு நடைமுறைக் கேள்வி. பேர்லின் முழுவதையும் இரட்டிப்பாக்க ஏறக்குறைய 600 மீற்றர் இரும்பு வேண்டும். கூரை முன்பே பலவீனமாக இருந்தது என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்படியானால் அந்தச் செலவு எப்படிச் சோலார் திட்டத்தின் செலவாகும்? வாடிக்கையாளர் என்னிடம்தான் கேட்பார்.

பேராதனை இளையவர்

பேனல் வராத ஓரப் பகுதிகளையும் பலப்படுத்தச் சொல்லவேண்டியவர்கள் நாம்தான். தூக்கு விசை அங்கேதான் மிக அதிகம். பேனல் உள்ள பகுதியை மட்டும் திருத்திவிட்டு மற்றதைப் பற்றி மௌனமாக இருக்கும் அறிக்கையில் நான் கையெழுத்திட மாட்டேன்.

கண்டிக் கட்டமைப்பு

செலவு யாருடையது என்பதை என்னால் தீர்க்க முடியாது, அது உரிமையாளருக்கும் உங்களுக்கும் இடையிலான ஒப்பந்தம். பொறியியலாளரின் கடமை, பேனலுக்கு முந்திய நிலையையும் பிந்திய நிலையையும் தனித்தனியாக எழுதிக்கொடுப்பது. அப்போது எந்தச் செலவு எதனால் வந்தது என்று அனைவருக்கும் தெரியும். பேனல் இல்லாத பகுதியை உடனே திருத்துவதா, அடுத்த தகடு மாற்றும்வரை பொறுப்பதா என்பதில் எனக்கும் இளையவருக்கும் கருத்து வேறுபடலாம். ஆனால் குறை இருப்பதை எழுதாமல் விடுவதில் வேறுபாடு இல்லை.

முகாமையாளர் ஐயா, அறிக்கையை எழுதியவரிடமே இந்த அளவுகளைக் கொடுத்து மீண்டும் கேளுங்கள். அளந்த தடிப்புகளின் இடங்களைக் காட்டும் கூரைப் படம், தூக்கு விசைக்கான கணக்கு, பிணைப்புகளின் நிலை, ட்ரஸ்ஸின் கீழ்க்கம்பி தூக்கு விசையில் அமுக்கத்துக்கு உள்ளாகும்போது அதைப் பக்கவாட்டில் பிடிக்க என்ன இருக்கிறது, தூண்களின் அடிப் போல்ட்கள் என்ன நிலையில் இருக்கின்றன, இவை அனைத்தும் அதில் வர வேண்டும். கடைசி இரண்டையும் இந்த இழையில் நாம் தொடவில்லை, உங்கள் படங்களைப் பார்க்காமல் தொடவும் முடியாது.

பொதியிடல் முகாமையாளர், தலவாக்கலை

தூண்களின் அடி தரைக் கொங்கிறீற்றுக்குள் மூடியிருக்கிறது. இரண்டு இடங்களில் உடைத்துப் பார்க்க முதலாளியிடம் அனுமதி கேட்டிருக்கிறேன். ட்ரஸ்ஸின் கீழ்க்கம்பிகளை இணைக்கும் நீளக் கம்பி ஒரே ஒரு வரிசை, கொட்டகையின் நடுவில் மட்டும் ஓடுகிறது. அந்தப் படங்களை நாளை இங்கே இடுகிறேன்.

கண்டிக் கட்டமைப்பு

ஒரே வரிசை என்றால் அதன் இரு பக்கமும் ஒன்பது மீற்றர் கம்பி பிடிப்பில்லாமல் கிடக்கிறது. கீழ்க்கம்பியின் எல் அயன் அளவையும் அந்தப் படத்தோடு குறித்துப் போடுங்கள்.